கருவறை இல்லாத கோயில்

ஜப்பானின் நாரா மாநிலத்தில் சகுராய் என்றொரு ஊர். அங்கே ஓமிவா என்னும் ஷிந்தோ கோயில் இருக்கிறது. படியேறிப் போனால் வழிபாட்டு மண்டபம் வரும். 1664-ல் நான்காம் தோக்குகவா ஷோகுன் இயெத்சுனா கட்டுவித்த மண்டபம். அதன் முன்னே நின்று காசு போட்டு, குனிந்து, கைதட்டிக் கும்பிடுகிறார்கள். வழக்கமான ஷிந்தோ கோயிலென்றால் மண்டபத்துக்குப் பின்னால் மூலவர் வீற்றிருக்கும் தனிக் கட்டடம் இருக்கும். இங்கே அது கிடையாது. மண்டபத்துக்குப் பின்னால் மூன்று தோரி வாயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அதற்கு அப்பால் காடு, காட்டின் மேலே 467 மீட்டர் உயரத்தில் மிவா மலை. அந்த மலைதான் மூலவர்.

கோயில் கட்டப் பணமில்லாமல் போனதால் இப்படி விட்டுவைக்கவில்லை. சாமி மலையாகவே இருக்கும்போது அதற்கு வீடு எதற்கு என்பதுதான் பழைய நினைப்பு. ஷிந்தோ சமயத்தில் கோயில் கட்டடங்கள் பரவலானதே பிற்பாடுதான், அதிலும் பௌத்த விகாரங்களைப் பார்த்த பிறகு. அதற்கு முன்பு ஒரு பாறை, ஒரு மரம், ஓர் அருவி என்று ஓரிடத்தைச் சுத்தம் செய்து, கயிறு கட்டி, சாமியை அங்கே இறங்கச் சொல்லி அழைத்தார்கள். விழா முடிந்ததும் சாமி போய்விடும். மிவா மலையின் உச்சியிலும் நடுவிலும் அடிவாரத்திலும் அப்படிச் சாமி இறங்கிய பாறைக் கூட்டங்கள் இன்றும் உள்ளன. அடிவாரத்தில் தோண்டியபோது நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுக் காலத்தில் படையலாக வைத்த மணிகளும் சிறு கண்ணாடிகளும் கிடைத்திருக்கின்றன.

இந்தச் சாமிகளைக் காமி என்கிறார்கள். உலகைப் படைத்த ஒரே கடவுள் என்ற எண்ணத்தோடு காமியை அணுகினால் ஒன்றும் பிடிபடாது. சாதாரணத்தை மீறிய எதுவும், பார்த்ததும் உடம்பு சிலிர்க்கும் எதுவும் காமியாகலாம். இடி காமி. பழைய தேவதாரு மரம் காமி. செத்துப்போன ஒரு மனிதரும் காமியாகலாம். எல்லாம் நல்லவை என்றும் சொல்ல முடியாது. மழை பெய்வதும் காமியால், வெள்ளம் வருவதும் காமியால். மரியாதை கெட்டால் நோய் வரும்.

மிவா மலையின் சாமிக்கு ஓமோனோநுஷி என்று பெயர். 712-ல் தொகுத்த கோஜிகி, 720-ல் முடித்த நிஹோன் ஷோகி என்னும் இரண்டு பழைய ஏடுகளும் இவரைப் பற்றிச் சொல்லும் கதை இது. சுஜின் என்ற மன்னரின் காலத்தில் கொள்ளைநோய் பரவிக் குடிமக்கள் செத்து விழுந்தார்கள். மன்னரின் கனவில் ஓமோனோநுஷி தோன்றி, இது என் வேலைதான், என் வழியில் வந்த ஓதாதானேகோ என்பவனைக் கொண்டு எனக்குப் பூசை செய், நோய் அடங்கும் என்றார். ஆள்விட்டுத் தேடிப் பிடித்து, ஓதாதானேகோவைப் பூசாரியாக்கினார்கள். நோய் நின்றது. இந்த ஓதாதானேகோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அவரிடம் திரும்பி வரும்.

நோய்க்கும் இந்த மலைக்கும் உள்ள அந்தத் தொடர்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. வசந்தத்தில் பூக்கள் உதிரும்போது நோயின் ஆவிகளும் காற்றில் சிதறிப் பரவும் என்று அந்நாளில் நம்பினார்கள். அவற்றை அடக்க மிவாவில் விழா எடுக்க வேண்டும் என்று பழைய அரச சட்டமே சொன்னது. இன்றும் ஏப்ரல் 18 அன்று அந்த விழா நடக்கிறது. காட்டு லில்லிக் கிழங்கையும் ஒருவகைக் கொடியையும் மூலிகையாகப் படைக்கிறார்கள். மருந்துத் தொழிலில் இருப்பவர்கள் தங்கள் மருந்துகளைக் கொண்டுவந்து சாமியின் முன் அடுக்கிவைக்கிறார்கள்.

ஓமோனோநுஷி பாம்பு வடிவில் வருவார் என்பதும் பழைய நம்பிக்கை. கோயில் வளாகத்தில் நிற்கும் ஒரு பெரிய தேவதாருவின் அடிப்பொந்தில் வெள்ளைப் பாம்பு குடியிருப்பதாகச் சொல்வார்கள். மரத்தின் முன்னே ஒரு சிறு மேடை. அதில் பச்சை முட்டைகளும் சாக்கே என்னும் அரிசி மதுவும் வரிசையாக இருக்கும். பாம்புக்கு முட்டை பிடிக்கும், இந்தச் சாமிக்கு மதுவும் பிடிக்கும். மது காய்ச்சுவோரின் குலதெய்வம் போலத்தான் இவர். ஜப்பானில் சாக்கே தயாரிக்கும் கடைகளின் வாசலில் தேவதாரு இலைகளாலான பெரிய உருண்டை தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பச்சையாகத் தொங்கினால் புது மது இறங்கியிருக்கிறது என்று பொருள். மாதங்கள் போகப்போக அது பழுப்பாகும். அந்த வழக்கத்தின் வேர் மிவா மலையின் தேவதாருக்களில் இருக்கிறது. நவம்பர் 14 அன்று மது காய்ச்சுவோர் இங்கே கூடி, அந்த ஆண்டுக் காய்ச்சல் கெடாமல் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள்.

சாமியின் மேல் கால் வைக்கலாமா? நெடுங்காலம் கூடாது என்றுதான் இருந்தது. இப்போது அனுமதி உண்டு, ஆனால் கட்டுப்பாட்டோடு. பக்கத்திலுள்ள சாய் என்னும் துணைக்கோயிலில் காலையிலேயே பெயர் எழுதி, 300 யென் கட்ட வேண்டும். சிறு மணி கோத்த வெள்ளைப் பட்டை ஒன்றைத் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெள்ளைக் காகிதக் கீற்றுகள் கட்டிய கோலால் தன்னைத் தானே துடைத்துச் சுத்தி செய்துகொண்டுதான் ஏற வேண்டும். படம் எடுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், எதையும் தின்னக் கூடாது. இலையோ கல்லோ எதையும் எடுத்து வரக் கூடாது. பிற்பகலில் குறித்த நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு. மலையேற்றம் என்ற சொல்லைக் கோயில்காரர்கள் விரும்புவதில்லை. அது வழிபாடு, ஏறி இறங்குவது அதன் முறை.

ஷிந்தோவில் கொள்கை விளக்கம் குறைவு, முறை அதிகம். அந்த முறை முழுவதும் ஒரே கவலையைச் சுற்றியே இருக்கிறது. தமிழில் அதற்குத் தீட்டு என்ற சொல் சரியாகப் பொருந்தும். ரத்தம், நோய், சாவு ஆகியவற்றால் ஒட்டிக்கொள்வது அது. பாவமில்லை, யாருக்கும் ஒட்டும், கழுவினால் போகும். அதனால்தான் எந்தக் கோயிலிலும் உள்ளே நுழைந்ததும் தண்ணீர்த் தொட்டி. வலக்கையில் அகப்பையை எடுத்து முகந்து இடக்கையைக் கழுவ வேண்டும். அகப்பையைக் கை மாற்றி வலக்கையைக் கழுவ வேண்டும். மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் நீர் விட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. இடக்கையை இன்னொரு முறை கழுவிவிட்டு, அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மிச்ச நீர் காம்பின் வழியே வழிந்து அடுத்தவருக்காக அதையும் கழுவிவிடும். இத்தனையும் ஒரே ஒரு அகப்பை நீரில் முடிய வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டு, மூங்கில் குழாயில் ஓடும் நீரை மட்டும் விட்டிருக்கிறார்கள்.

பிறகு சந்நிதி. இரண்டு முறை ஆழக் குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, இன்னொரு முறை குனிய வேண்டும். இது பொதுவான கணக்கு. இசுமோ பெருங்கோயிலில் நான்கு முறை தட்டுவார்கள். பௌத்தக் கோயிலுக்குப் போனால் தட்டவே கூடாது, கைகூப்பித் தலைகுனிந்தால் போதும். வெளிநாட்டார் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வாசலைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: குறுக்குக் கட்டைகளோடு தோரி நின்றால் காமி, ஓடு வேய்ந்த பெரிய வாயிலும் உள்ளே ஊதுவத்திப் புகையும் இருந்தால் புத்தர். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தீட்டுக்கு இவ்வளவு அஞ்சும் சமயத்தால் ஒரு காரியம் செய்ய முடியாது. பிணத்தைத் தொட முடியாது. குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் காமியிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் நவம்பர் மாதம் கிமோனோ உடுத்தி மறுபடி அழைத்துப் போகிறார்கள். வீடு கட்டப் பூமிபூசைக்கும், புது காருக்கும் பூசாரி வருவார். சாவு விழுந்தால் மட்டும் வரவேண்டியவர் புத்த பிக்கு. பெரும்பாலான ஜப்பானியச் சவச் சடங்குகள் பௌத்த முறையில்தான் நடக்கின்றன. பிக்குவுக்குச் சாவு தீட்டில்லை. அவருடைய போதனையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. இருவரும் ஒரே ஊரில் இத்தனை காலம் வாழ முடிந்ததற்குத் தத்துவ விளக்கங்கள் பல உண்டு. என் கணிப்பில் இந்த வேலைப் பங்கீடுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இதை வீட்டுக்குள் பார்க்கலாம். பழைய மரபுள்ள வீட்டில் உத்தரத்துக்குக் கீழே உயரமாக ஒரு பலகை இருக்கும். அதில் சின்ன மரக் கோயில், உள்ளே ஏதேனும் கோயிலிலிருந்து வாங்கிவந்த தாயத்துப் பலகை. தினமும் அரிசி, உப்பு, தண்ணீர் வைப்பார்கள். அது காமியின் மாடம். வேறொரு பக்கம், பல வீடுகளில் வேறோர் அறையில், கருப்பு அரக்குப் பூசிய பெட்டகம். உள்ளே புத்தர் உருவம், இறந்தவர்களின் பௌத்தப் பெயர்கள் எழுதிய பலகைகள். அங்கே சோறு, தேநீர், பூ, ஊதுவத்தி. இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஒன்றைக் கும்பிட்டால் மற்றதற்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒருவர் இறந்தால் காமியின் மாடத்துச் சிறு கதவை மூடி, அதன் முன் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டுவார்கள். வீட்டாருக்குத் தீட்டு என்பதால் வெளியாள் ஒருவரைக் கொண்டு ஒட்டச் சொல்வதும் உண்டு. அன்றிலிருந்து காமிக்குப் படையல் இல்லை. வீட்டார் தோரி தாண்டிப் போவதுமில்லை. அதே நாட்களில் பௌத்தப் பெட்டகத்தின் முன்னே ஊதுவத்தி அணையாமல் எரியும். ஏழு நாளைக்கு ஒரு முறை பிக்கு வந்து ஓதுவார். ஏழு ஏழாக 49 நாள் முடிந்ததும் இறந்தவர் அடுத்த பிறப்புக்குப் போகிறார் என்பது பௌத்தக் கணக்கு. ஷிந்தோ கணக்கில் துக்கம் 50 நாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிய, தாளை எடுத்துவிட்டு மறுபடி அரிசியும் உப்பும் வைக்கிறார்கள்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குச் சிறு பொட்டலத்தில் உப்பு கொடுப்பது இன்னொரு வழக்கம். வாசலில் நின்று தோளில் தூவிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். பௌத்தச் சடங்குக்குப் போய்விட்டு ஷிந்தோ முறையில் தீட்டுக் கழிக்கிறார்கள். எல்லோரும் இதற்கு உடன்படுவதில்லை. ஜோதோ ஷின்ஷு என்னும் பெரிய பௌத்தப் பிரிவு, சாவு தீட்டே அல்ல, உப்பு வேண்டாம், வீட்டில் காமி மாடமும் வேண்டாம் என்று சொல்லிவருகிறது. ஜப்பானில் எல்லாம் கலந்து கிடக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவை மறந்துவிடுகிறார்கள்.

அரசின் சமயக் கணக்கெடுப்பில் ஷிந்தோவைச் சேர்ந்தவர்களையும் பௌத்தத்தைச் சேர்ந்தவர்களையும் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடும். இதில் பிழையில்லை. ஒரே ஆள் ஊர்க் காமியின் கணக்கிலும் இருக்கிறார், குடும்பக் கல்லறை உள்ள விகாரத்தின் கணக்கிலும் இருக்கிறார்.

வீட்டில் இரண்டு மாடம் என்பது பழைய நிலைமையின் மெலிந்த மிச்சம்தான். ஓராயிரம் ஆண்டுக்கு மேலாகக் காமியும் புத்தரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியே வந்த பௌத்தம் காமிகளை விரட்டவில்லை. எட்டாம் நூற்றாண்டில் ஒரு விசித்திரமான எண்ணம் தோன்றியது: காமிகளும் பிறவிச் சுழலில் சிக்கித் தவிக்கும் உயிர்கள்தாம், அவர்களுக்கும் விடுதலை வேண்டும், எனவே அவர்கள் முன்னே சூத்திரம் ஓத வேண்டும். காமி கோயில்களுக்குள்ளேயே பௌத்தக் கோயில்கள் எழுந்தன. பின்னர் எண்ணம் இன்னும் வளர்ந்து, காமி என்பதே இந்நாட்டு மக்களுக்காகப் புத்தரோ போதிசத்துவரோ எடுத்துக்கொண்ட வடிவம் என்றானது. எந்தக் காமிக்கு எந்தப் புத்தர் மூலம் என்று கோயில்தோறும் கணக்கு வைத்திருந்தார்கள்.

மிவா மலையடியிலும் அப்படி ஒரு பௌத்தக் கோயில் இருந்தது. பெயர் தைகோரின்ஜி. 13-ம் நூற்றாண்டில் எய்சோன் என்னும் புகழ்பெற்ற துறவி அதைச் சீரமைத்தார். அதன் மண்டபத்தில் பதினொரு முகக் கன்னோன் நின்றார், நம் அவலோகிதேசுவரர்தான். எட்டாம் நூற்றாண்டுச் சிலை, இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். மரத்தில் உருவத்தைச் செதுக்கி, அரக்குப் பாலில் மரத்தூளைக் குழைத்து மேலே அப்பி, சதையின் வளைவையும் துணியின் மடிப்பையும் அந்தப் பசையிலேயே வடித்து, பொன்தகடு ஒட்டியிருக்கிறார்கள். மரத்தை மட்டும் செதுக்கினால் அந்த மென்மை வராது. அதே மண்டபத்தில் ஓதாதானேகோவும் சாமியாக வழிபடப்பட்டார். கொள்ளைநோயை நிறுத்திய பூசாரியும் கருணையே வடிவான போதிசத்துவரும் ஒரே கூரையின் கீழ். மலைச்சாமிக்கு அரிசி படைத்த கையோடு வந்து இங்கே ஊதுவத்தி ஏற்றியிருப்பார்கள்.

1868-ல் மெய்ஜி அரசு பதவிக்கு வந்தது. மன்னரைச் சூரியக் காமியின் வழிவந்தவர் என்று நிறுத்திய அந்த அரசுக்கு, கலப்பில்லாத ஷிந்தோ தேவைப்பட்டது. வந்த சில மாதங்களிலேயே ஆணைகள் பிறந்தன: காமி கோயில்களில் பௌத்தத் துறவிகள் பணிசெய்யக் கூடாது, புத்தர் சிலையை மூலவராக வைத்திருந்தால் அகற்ற வேண்டும், மணி முதலான பௌத்தப் பொருள்களும் போக வேண்டும். ஆணை பிரிக்கத்தான் சொன்னது. பல ஊர்களில் அதைச் சாக்காக வைத்து உடைத்தார்கள், எரித்தார்கள், விற்றார்கள். சில பகுதிகளில் பௌத்தக் கோயில்கள் அடியோடு துடைக்கப்பட்டன.

தைகோரின்ஜியும் மூடப்பட்டது. சிலைகள் சிதறின. கன்னோன் அதே சகுராயில் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஷோரின்ஜிக்குப் போனார். பக்கத்தில் நின்ற ஜிசோ சிலை ஹோர்யூஜிக்குப் போனது. இரண்டு போதிசத்துவர்கள் ஷோர்யாகுஜிக்குப் போனார்கள். கன்னோன் சாலையோரப் புல்லில் வீசப்பட்டுக் கிடந்தார், அவ்வழியே வந்த ஷோரின்ஜி தலைமைத் துறவி தூக்கிப்போனார் என்று ஒரு கதை உண்டு. தத்துவ அறிஞர் வாத்சுஜி தெத்சுரோ 1919-ல் வெளியிட்ட பழங்கோயில் பயண நூலில் இதை எழுதியதால் ஊரெங்கும் பரவிவிட்டது. ஆனால் இரு கோயில்களுக்கிடையே முறைப்படி ஒப்படைத்ததற்கு ஆவணம் இருக்கிறது. அது கதையைவிட நெஞ்சைத் தொடுகிறது. வெறிக்கு நடுவே இரண்டு கோயில்களின் துறவிகள் உட்கார்ந்து பேசி, எந்தச் சிலை எங்கே போனால் பிழைக்கும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். 1951-ல் ஜப்பான் தன் தேசியச் செல்வங்களை முதன்முதலில் அறிவித்தபோது அந்தப் பட்டியலில் இந்தக் கன்னோனும் இருந்தார். 2021-ல் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் மிவா மலைச் சிலைகளை ஒன்றாக நிறுத்திக் காட்டினார்கள். பிரிந்து 150 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் சந்தித்தது கண்காட்சிக் கூடத்தில்தான்.

தைகோரின்ஜியின் கட்டடமோ இடத்தைவிட்டு நகரவில்லை. இன்றும் மிவாவில் அதைப் பார்க்கலாம். புத்தர் போய்விட, ஓதாதானேகோ மட்டும் தங்கினார். கட்டடம் அவருடைய காமி கோயிலாகப் பதிவானது. முன்னே தோரி நிற்கிறது. உள்ளே இருக்கும் மண்டபம் பௌத்த மண்டபம். ஓடு வேய்ந்த கூரையே அதைச் சொல்லிவிடும்; காமி கோயில்களின் மூலவர் கூரைக்கு மரபாக ஓடு போடுவதில்லை, மரப்பட்டையோ வைக்கோலோதான். பழைய பெயர் தெரியாதவர்கூட வாயிலையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

வெட்டு எல்லா இடத்திலும் சுத்தமாக விழவில்லை. நாரா மாநிலத்திலேயே இகோமா மலையில் ஹோசான்ஜி என்னும் பௌத்தக் கோயில் இருக்கிறது. 1678-ல் தான்காய் என்ற துறவி நிறுவியது. அதன் முகப்பில் பெரிய தோரி நிற்கிறது. அங்கே வேண்டுதலை நிறைவேற்றும் தெய்வம் காங்கிதென்; நம் விநாயகர்தான், பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் வழியே போனவர். ஜப்பானில் யானைமுக உருவங்கள் இரண்டு ஒன்றையொன்று தழுவி நிற்கும் வடிவில் அவரை வைத்திருப்பார்கள். சிலையைப் பொதுமக்கள் பார்வைக்குக் காட்டுவதில்லை. ஒசாகா வணிகர்கள் வியாபாரம் செழிக்க அவரிடம்தான் போகிறார்கள். பௌத்தக் கோயிலில், ஷிந்தோ வாயிலைத் தாண்டி, விநாயகரைக் கும்பிடும் ஒசாகாக் கடைக்காரருக்கு அதில் எந்த முரணும் தெரிவதில்லை.

நாரா நகரத்துக்குள் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 768-ல் நிறுவியதாக மரபு சொல்லும் கசுகா காமி கோயிலும், கோஃபுகுஜி பௌத்தக் கோயிலும் ஃபுஜிவாரா குலத்தின் இரண்டு கோயில்கள். 1868 வரை இரண்டும் ஒரே நிறுவனம்போல இயங்கின. பிரிவினை ஆணை வந்ததும் கோஃபுகுஜியின் துறவிகள் ஒட்டுமொத்தமாகக் காவியைக் களைந்து கசுகாவின் பூசாரிகளானார்கள். சில ஆண்டுகள் கோஃபுகுஜி ஆளில்லாமல் கிடந்தது. 1880-களில்தான் மறுபடி உயிர்பெற்றது. அது பின்பற்றும் ஹொஸ்ஸோ மரபுக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. மனமே உலகைக் காட்டுகிறது என்னும் அந்தப் பிரிவின் மூலநூலைச் சீனத்தில் தொகுத்த யுவான் சுவாங், ஆறாம் நூற்றாண்டு நாலந்தாப் பேராசிரியர் தர்மபாலரின் உரையையே முதன்மையாகக் கொண்டார். தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ஆண்டுதோறும் ஜனவரி 2 அன்று காலை கோஃபுகுஜியின் தலைமைத் துறவி தம் துறவிகளோடு கசுகாவுக்குப் போகிறார். காமிக்கு அந்த ஆண்டின் முதல் படையலைப் பூசாரிகள் வைக்கும் நாள் அது. பூசாரிகளின் சடங்கு முடிந்ததும், காமியின் சந்நிதி முன்னே துறவிகள் சூத்திரம் ஓதுகிறார்கள். 1868-ன் ஆணை தடுத்ததும் இதைத்தான்.